வெள்ளைச் சோறும் இனிப்பு நீரும்: ஆய்வு சொன்னதும் நாம் எழுதுவதும்

பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளில் இலை போட்டதும் வருகிற கேள்வி, ‘வெள்ளைச் சோறா, புழுங்கல் சோறா?’ என்பது. சாப்பிட வந்தவருக்கு அது ருசி பற்றிய கேள்வி. பத்திரிகையில் உடல்நலப் பக்கம் எழுதுகிறவருக்கு அதே சோறு ஓர் ஆய்வறிக்கையாக மேசைக்கு வருகிறது. மாலைக்குள் அதை நானூறு சொற்களில் தமிழில் எழுதித் தர வேண்டும். அந்த அவசரத்தில், ஆய்வு சொல்லாத ஒன்றை நம் வாக்கியம் சொல்லிவிடுகிறது. எண்கள் எல்லாம் சரியாக இருக்கும், இதழின் பெயரும் சரியாக இருக்கும். வினைச்சொல் மட்டும் தவறியிருக்கும்.

நான் மனத்தில் வைத்திருக்கும் ஆய்வு 2020-இல் ‘டயபெட்டிஸ் கேர்’ இதழில் வந்தது. ‘பியூர்’ என்ற பெரிய பன்னாட்டு ஆய்வின் ஒரு பகுதி அது. சென்னை மருத்துவர் வி. மோகன் அதன் ஆசிரியர்களில் ஒருவர். மலேசியா உட்பட 21 நாடுகளில், 35 முதல் 70 வயது வரையிலான 132,373 பேரிடம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, சராசரியாக ஒன்பதரை ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். தொடக்கத்தில் இவர்கள் யாருக்கும் இனிப்பு நீர் இருப்பதாகத் தெரியாது. காலம் முடியும்போது 6,129 பேருக்கு வந்திருந்தது. நாளொன்றுக்கு 450 கிராமோ அதற்கு மேலோ வெள்ளைச் சோறு சாப்பிட்டவர்களை, 150 கிராமுக்கும் குறைவாகச் சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டபோது, முதல் கூட்டத்தில் நோய் கண்ட விகிதம் 20 விழுக்காடு கூடுதலாக இருந்தது. 150 கிராம் என்பது வெந்த சோற்றில் ஏறக்குறைய ஒரு கிண்ணம்.

இதை இப்படி எழுதலாம்: ‘வெள்ளைச் சோறு இனிப்பு நீர் வரும் வாய்ப்பை 20 விழுக்காடு கூட்டும்.’ இப்படியும் எழுதலாம்: ‘நாளுக்கு மூன்று கிண்ணமோ அதற்கு மேலோ சோறு சாப்பிடுவதாகச் சொன்னவர்களிடையே, ஒரு கிண்ணத்துக்கும் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட, பிற்பாடு இனிப்பு நீர் கண்டவர்களின் விகிதம் 20 விழுக்காடு கூடுதலாக இருந்தது.’

முதல் வாக்கியம் சுருக்கமாக இருக்கிறது, வாயில் நிற்கிறது. அதில் எழுவாய் சோறு. சோறு ஏதோ செய்கிறது. காலமோ ‘கூட்டும்’ என்று நிற்கிறது. சூரியன் கிழக்கே உதிக்கும் என்பது போல, என்றைக்கும் எல்லாருக்கும் பொருந்தும் விதியாக ஒலிக்கிறது. இரண்டாவதில் எழுவாய் மனிதர்கள். இரண்டு கூட்டத்தார் ஒப்பிடப்படுகிறார்கள், நடந்தது நடந்தபடி இறந்தகாலத்தில் சொல்லப்படுகிறது. சோற்றைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பற்றி அந்த வாக்கியம் வாயைத் திறப்பதில்லை. ஆய்வும் திறக்கவில்லை. யாருடைய தட்டிலும் ஆய்வாளர்கள் கை வைக்கவில்லை. பார்த்தார்கள், எண்ணினார்கள், அவ்வளவுதான்.

தட்டில் கை வைப்பது என்றால் என்ன என்பதற்குக் கோலாலம்பூரிலேயே ஒரு பழைய சான்று உண்டு. அதுவும் அரிசியைப் பற்றியதுதான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவைப் பெரிபெரி வாட்டியது. கால் மரத்துப்போகும், வீங்கும், கடைசியில் இதயம் நின்றுபோகும். ஈயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் ஆட்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். சிரம்பானில் பணியாற்றிய மருத்துவர் பிராட்டன் ஒன்றைக் கவனித்தார். சயாமிலிருந்து வரும் தீட்டிய வெள்ளை அரிசியைத் தின்ற சீனத் தொழிலாளர்களுக்கு நோய் அதிகம். இந்தியாவிலிருந்து வரும் புழுங்கல் அரிசியைத் தின்ற தமிழர்களுக்கு நோய் அரிது. வீட்டில் அவ்வப்போது நெல் குத்திச் சமைத்த மலாய்க்காரர்களுக்கும் அரிது.

கண்ணுக்கு முன்னால் இருக்கும் தொடர்பு இது. ஆனால் சீனர் சுரங்கக் கொங்சிகளில் நெருக்கமாக வாழ்ந்தார்கள், தமிழர் தோட்ட லயங்களில் இருந்தார்கள், மலாய்க்காரர் கம்பங்களில் இருந்தார்கள். செய்த வேலை வேறு, குடித்த தண்ணீர் வேறு, தொட்டுக்கொண்ட கறி வேறு. அரிசியைத் தவிர ஆயிரம் வேறுபாடுகள் அவர்களுக்கு இடையே இருந்தன. பெரிபெரி ஒரு தொற்று, அது இடத்தைப் பற்றிக்கொண்டு பரவுகிறது என்று பல மருத்துவர்கள் நம்பினார்கள். இந்தத் தொடர்பை மட்டும் வைத்து அவர்களை மறுக்க முடியாது.

1905 டிசம்பரில் மருத்துவர் வில்லியம் ஃபிளெட்சர் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் இருந்தவர்களை வரிசையாக நிறுத்தி இடப்பக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டு போனார். ஒற்றைப்படை எண் வந்தவர்களுக்குப் பழையபடி சயாம் வெள்ளை அரிசி. இரட்டைப்படை எண் வந்தவர்களுக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. மற்ற உணவெல்லாம் இரு கூட்டத்தாருக்கும் ஒன்றுதான். யார் எந்த அரிசியைத் தின்பது என்பதை இனமோ சம்பளமோ விருப்பமோ முடிவு செய்யவில்லை, வரிசையில் நின்ற இடம் முடிவு செய்தது. இரண்டு கூட்டத்தாரும் எதிரெதிர் கூடங்களில் தங்கினார்கள். கூடத்தின் மீது சந்தேகம் வரக்கூடாது என்று நடுவில் கூடங்களை மாற்றிக்கொள்ளவும் வைத்தார். ஓராண்டு முடிந்தபோது வெள்ளை அரிசி தின்ற 120 பேரில் நாலில் ஒருவருக்கு மேல் பெரிபெரி கண்டிருந்தது. 18 பேர் இறந்திருந்தார்கள். புழுங்கல் அரிசி தின்ற 123 பேரில் இருவருக்கு மட்டும் நோய் இருந்தது, அவர்களும் விடுதிக்குள் வரும்போதே நோயோடு வந்தவர்கள். ஒருவரும் இந்நோயால் சாகவில்லை.

அந்த 18 பேரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. இன்றைக்கு எந்த அறநெறிக் குழுவும் இதற்கு ஒப்புதல் தராது, தரவும் கூடாது. இந்தச் சான்றை மேற்கோள் காட்டுகிறவர்கள் அதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

இப்போது வாக்கியத்துக்கு வருவோம். ஃபிளெட்சரின் முடிவை எழுதும்போது ‘வெள்ளை அரிசி மட்டுமே முக்கிய உணவாக இருந்தது பெரிபெரிக்குக் காரணமாயிற்று’ என்று நாம் துணிந்து எழுதலாம். எழுவாயாக அரிசியை நிறுத்தலாம், அதற்கு ஒரு செயலையும் தரலாம். அந்த உரிமையை வாங்கித் தந்தது வரிசையில் எண்ணிய எண். ஆனாலும் 1907-இல் ‘லான்செட்’ இதழில் எழுதிய ஃபிளெட்சர், நேரடியாகவோ மறைமுகமாகவோ அரிசி காரணம் என்று சொல்லிவிட்டு, எப்படி என்ற இடத்தில் நின்றுவிட்டார். அரிசியில் நஞ்சு இருக்கலாம். புரதம் குறைவாக இருக்கலாம். அல்லது சத்தில்லாத உணவால் உடல் தளர்ந்து ஏதோ ஒரு கிருமிக்கு இடம் கொடுத்திருக்கலாம். மூன்றையும் வரிசையாக வைத்தார், எதையும் தேர்ந்தெடுக்கவில்லை.

அதே 1907-இல் பிராட்டன் பெரியதொரு புத்தகம் வெளியிட்டார். பழைய அரிசியில் உண்டாகும் நஞ்சுதான் பெரிபெரிக்குக் காரணம் என்பது அவர் வாதம். அவர் கண்ட தொடர்பு முழுக்கச் சரி. அதற்கு அவர் தந்த விளக்கம் தவறு. சில ஆண்டுகளிலேயே கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஃபிரேசரும் ஸ்டான்டனும், நஞ்சு எதுவும் இல்லை, தீட்டும்போது தவிட்டோடு ஏதோ ஒரு பொருள் போய்விடுகிறது என்று காட்டினார்கள். அந்தப் பொருளைத்தான் இன்று பி1 வைட்டமின் என்கிறோம். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அதில் ஒரு பங்கு உமியை ஒட்டிய மேல்படலத்திலிருந்து அரிசியின் உட்புறத்துக்கு இறங்கிவிடுவதால், பிறகு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. தோட்டத் தமிழர்கள் பிழைத்தது இதனால்தான்.

பிராட்டன் சறுக்கிய இடத்தைப் பத்திரிகையாளர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். தொடர்பைக் கண்டதும் அதற்கு ஒரு வழிமுறையை நாம் தேடுகிறோம். பொருத்தமான வழிமுறை ஒன்று கிடைத்துவிட்டால், தொடர்பு தானாகவே காரணமாக மாறிவிட்டது போலத் தோன்றுகிறது. வெள்ளைச் சோற்றுக்கும் இனிப்பு நீருக்கும் இடையே அப்படி ஒரு வழிமுறை தயாராகவே இருக்கிறது: தீட்டிய அரிசியில் நார்ச்சத்து குறைவு, சோறு சீக்கிரம் செரிக்கிறது, ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறுகிறது. சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் சர்க்கரை ஏறுவது உணவு கொடுத்து அளந்து பார்த்த உண்மை. ஆனால் அது ஒரு வேளைச் சாப்பாட்டைப் பற்றிய உண்மை. ஒன்பதரை ஆண்டு கழித்து யாருக்கு ஏன் நோய் வந்தது என்பது வேறொரு கேள்வி. ‘20 விழுக்காடு கூடுதலாக இருந்தது. ஏனெனில் வெள்ளை அரிசி…’ என்று எழுதினால், அந்த ‘ஏனெனில்’ ஆய்வாளர்கள் தாண்டாத ஆற்றை நம்மைத் தாண்ட வைத்துவிடுகிறது. ‘இதற்கு ஒரு விளக்கமாக இதைச் சொல்கிறார்கள், இந்த ஆய்வு அதைச் சோதித்துப் பார்க்கவில்லை’ என்று இரண்டு துண்டாக எழுதினால் போதும்.

சரி, சோறு காரணமில்லை என்றால் வேறு என்னதான் இருக்க முடியும் என்று வாசகர் கேட்பார். சோறு காரணமில்லை என்று யாரும் சொல்லவில்லை, காரணமாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு நாளில் முக்கால் கிலோ சோறு சாப்பிடும் வீட்டையும் ஒரு கிண்ணத்தோடு நிறுத்தும் வீட்டையும் கிள்ளானில் ஒரே தெருவில் வைத்துப் பாருங்கள். முதல் வீட்டில் கறிக்கும் பருப்புக்கும் காசு போதாமல் சோற்றால் வயிற்றை நிரப்பியிருக்கலாம். இரவு வேலைக்குப் போகிறவராக இருக்கலாம். மருத்துவரிடம் போவதையே தள்ளிப்போடுகிறவராக இருக்கலாம். இதில் எது வேண்டுமானாலும் நோயோடு நேராகத் தொடர்புள்ளதாக இருக்கக்கூடும், சோறு அதன் அடையாளம் மட்டுமாக இருக்கக்கூடும். ஆய்வாளர்களுக்கு இது தெரியாமல் இல்லை. வயது, பால், உடல் பருமன், குடும்பத்தில் நோய், புகைப்பழக்கம், உடலுழைப்பு முதலியவற்றைக் கணக்கில் கழித்த பிறகு வந்த எண்தான் அந்த 20. ஆனால் கழிக்க முடிந்தது அளக்கப்பட்டதை மட்டுமே. ஆகவே ‘மற்ற எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும்’ என்று எழுதாமல், ‘வயது, உடல் பருமன், புகைப்பழக்கம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும்’ என்று பெயர் சொல்லி எழுதுவது நல்லது. ‘எல்லாம்’ என்ற ஒரு சொல் ஃபிளெட்சரின் வரிசையை இல்லாத இடத்தில் நிறுத்திவிடுகிறது.

ஆய்வுக்குள்ளேயே நம்மை நிதானிக்க வைக்கும் ஓர் எண் இருக்கிறது. தெற்காசியாவில் கூடுதல் 61 விழுக்காடு. சீனாவில் 4 விழுக்காடு. அதன் பிழை எல்லை சுழியின் இருபுறமும் விரிந்து கிடப்பதால் அங்கே தொடர்பு உண்டென்றே சொல்ல முடியாது. சோறு தனியாகவே, எங்கும் ஒரே மாதிரி வேலை செய்யுமானால் இந்த வேறுபாடு ஏன்? தெற்காசியாவில் மக்கள் உண்ணும் அளவே அதிகம் என்பது ஒரு பதில். அங்கே நடுத்தர அளவு நாளுக்கு 630 கிராம், சீனாவில் 200. சோற்றோடு சேர்ந்து வருவது வேறு என்பது இன்னொரு பதில். செய்தி எழுதுகிறவர் 61-ஐத் தலைப்பில் வைத்துவிட்டு சீனாவை விட்டுவிட்டால், அவர் எழுதிய ஒவ்வொரு சொல்லும் உண்மையாக இருந்தும் செய்தி பொய்யாகிவிடும்.

நம்மூர் வாசகர் உடனே கேட்பது, எனக்கு எந்த எண் என்பதுதான். இங்கேதான் எழுதுகிறவர் கை நழுவும். கோலாலம்பூர்த் தமிழர், முன்னோர் தெற்காசியர், ஆகவே 61 என்று தோன்றும். ஆனால் ஆய்வு ஆட்களைப் பிரித்தது வாழும் நாட்டை வைத்து, வம்சத்தை வைத்து அல்ல. மலேசியா தென்கிழக்காசியாவில் சேர்கிறது. தென்கிழக்காசியா, மத்தியக் கிழக்கு, தென்னமெரிக்கா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா முதலியவை எல்லாம் ஒன்றாகக் கூட்டப்பட்ட ‘பிற பகுதிகள்’ என்ற கூடையில் கூடுதல் 41 விழுக்காடு. அந்தக் கூடையின் எண்ணும் பிரிக்ஃபீல்ட்ஸ்வாசியின் எண் ஆகாது.

இதோடு இன்னொரு எண்ணைப் பக்கத்தில் வைக்கும் ஆசையும் வரும். 2019 தேசிய உடல்நல, நோய் நிலவரக் கணக்கெடுப்பில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு ரத்தச் சர்க்கரை உயர்ந்திருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ‘இந்தியர்களில் மூன்றில் ஒருவருக்கு இனிப்பு நீர். வெள்ளைச் சோற்றுக்கும் இனிப்பு நீருக்கும் தொடர்பு உண்டு என்கிறது பன்னாட்டு ஆய்வு.’ இரண்டு வாக்கியங்களிலும் ‘காரணம்’ என்ற சொல் இல்லை. இருந்தும் அடுத்தடுத்து நிற்பதாலேயே வாசகர் மனத்தில் மூன்றாவது வாக்கியம் தானாக முளைக்கிறது. சீனரும் மலாய்க்காரரும் இதே ஊரில் இதே சோற்றைத்தான் சாப்பிடுகிறார்கள் என்ற எளிய உண்மை அப்போது நினைவுக்கு வருவதில்லை. இரண்டு எண்களும் ஒரே பத்தியில் வர வேண்டுமென்றால், இந்தக் கணக்கெடுப்பு யார் எவ்வளவு சோறு உண்டார் என்பதோடு அந்த 31.4-ஐ இணைத்துப் பார்க்கவில்லை என்று நடுவே ஒரு வரி சேர்க்க வேண்டும்.

எச்சரிக்கையாக எழுதுகிறோம் என்று எண்ணிப் பலர் செய்யும் ஒன்று எனக்கு உடன்பாடில்லை. ‘வெள்ளைச் சோறு இனிப்பு நீரை ஏற்படுத்தக்கூடும்’ என்று ‘கூடும்’ போட்டுவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். ‘ஏற்படுத்த’ என்ற வினை அப்படியே இருக்கிறதே! காரணம் சொல்வது மாறவில்லை, குரல் மட்டும் தாழ்ந்திருக்கிறது. அதைவிட வேடிக்கை, ‘தொடர்பு இருக்கலாம்’ என்று எழுதுவது. தொடர்பு இருக்கிறது, ஆய்வு அதைத்தான் கண்டது. உறுதியாகச் சொல்ல வேண்டியதில் தயங்கி, தயங்க வேண்டியதில் உறுதி காட்டுகிறோம்.

அந்த 20 விழுக்காட்டுக்கும் ஒரு விளக்கம் வேண்டும். நூறு பேர் சோறு தின்றால் இருபது பேருக்கு நோய் என்று படிக்கிறவர்கள் உண்டு. மொத்தத்தில் 132,373 பேரில் 6,129 பேர் என்றால் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் சற்றுக் குறைவு. பேச்சுக்கு, குறைவாக உண்டவர்களில் நூற்றுக்கு ஐவருக்கு நோய் வந்ததாக வைத்துக்கொண்டால், அதிகம் உண்டவர்களில் அது ஆறாகிறது. அதுவும், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று தொடக்கத்தில் கேட்டுக் குறித்ததை வைத்து. ஒன்பதரை ஆண்டில் யார் குறைத்தார், யார் கூட்டினார் என்பது அதில் முழுதாகப் பதிவாகாது. ‘உண்டவர்கள்’ என்று எழுதும் இடத்தில் ‘உண்பதாகச் சொன்னவர்கள்’ என்று எழுதச் சொல்வது இதனால்தான்.

இத்தனையும் சொன்ன பிறகு அந்த நானூறு சொல் செய்தியின் நடுப்பத்தி எப்படி இருக்கும்? நான் இப்படி எழுதுவேன்:

‘மலேசியா உட்பட 21 நாடுகளில் ஒன்பதரை ஆண்டு நடந்த ஆய்வில், நாளுக்கு மூன்று கிண்ணமோ அதற்கு மேலோ வெள்ளைச் சோறு உண்பதாகச் சொன்னவர்களிடையே, ஒரு கிண்ணத்துக்கும் குறைவாக உண்பதாகச் சொன்னவர்களைவிட, இனிப்பு நீர் கண்டவர்களின் விகிதம் 20 விழுக்காடு கூடுதலாக இருந்தது. வயது, உடல் பருமன், புகைப்பழக்கம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகு கிடைத்த எண் இது. தெற்காசியாவில் வேறுபாடு அதிகமாகவும், சீனாவில் உண்டென்று சொல்ல முடியாத அளவிலும் இருந்தது. யாருடைய உணவையும் மாற்றிப் பார்த்த சோதனை அல்ல என்பதால், சோற்றைக் குறைத்தால் நோய் குறையுமா என்ற கேள்விக்கு இந்த ஆய்வில் விடை இல்லை.’

கடைசி வரியைத்தான் பக்கம் ஒதுக்குகிறவர் முதலில் வெட்டுவார். அதன் இடத்தில் ‘ஆகவே சோற்றைக் குறையுங்கள்’ என்று ஒரு வரி வந்து உட்காரும். சோற்றைக் குறைக்கச் சொல்வது நல்ல ஆலோசனையாகவே இருக்கலாம்; ஏற்கெனவே இனிப்பு நீர் உள்ளவருக்கு மருத்துவர் அதைத்தான் சொல்வார், அதற்கு அவரிடம் வேறு ஆதாரங்கள் உண்டு. அந்த ஆலோசனையைத் தருவதென்றால் அந்த ஆதாரங்களைச் சொல்லித் தனிப் பத்தியில் தாருங்கள். 132,373 பேரின் தலையில் ‘ஆகவே’ என்ற சொல்லை ஏற்றாதீர்கள். இட நெருக்கடியில் ஏதாவது ஒன்றை வெட்டத்தான் வேண்டும் என்றால், தலைப்பின் கீழே போடும் சோற்றுப் படத்தை வெட்டச் சொல்லுங்கள்.